கழுத்துக்கறியும் கட்டிய தாடையும்

ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையின் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் நான் சமையல்காரனாகச் சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அதற்கு முன் ஷார்ஜாவில், அரபிக் கல்யாணங்களுக்கு விருந்து சமைத்து அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் இருந்தேன். அங்கே எனக்கு ஒரே வேலைதான். இளம் ஆட்டுக்குட்டிகளை முழுசாகவும் துண்டாகவும் ஓவனில் ரோஸ்ட் செய்வது. வெளியே தோல் முறுகி, உள்ளே சாறு நிற்கும் பக்குவத்தில் இறக்கி, கொஞ்ச நேரம் மூடி வைத்து, பெரிய தாம்பாளத்துச் சோற்றின் மேல் ஏற்றி அனுப்புவேன். முதலாளி அந்தத் தொழிலை மூடிவிட்டார். ஊர்க்காரர் ஒருவர் சொல்லி இந்தக் கேம்ப் வேலை கிடைத்தது. வேலை இல்லாமல் ஊர் திரும்பி உம்மா முகத்தில் முழிக்காமல் தப்பித்தோம் என்ற நிம்மதியில்தான் முதல் நாள் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

அந்த நிம்மதி முதல் வெள்ளிக்கிழமையோடு போயிற்று.

கேம்பில் வெள்ளி மதியம் மட்டும் ஆட்டுக்கறி. சப்ளைக்காரர் கொண்டுவந்து டீப் ஃப்ரீசரில் அடுக்குவது நான் பழகிய கறி அல்ல. கழுத்து, முன்னங்கால், முழங்காலுக்குக் கீழே உள்ள சதை. எல்லாம் முற்றிய ஆட்டினுடையது. நான் எனக்குத் தெரிந்தபடி செய்தேன். பெரிய தீயில் மசாலாவோடு வதக்கி, தளதளவென்று கொதிக்கவிட்டு, சோறு வடிக்கிற நேரத்துக்குள் இறக்கினேன். கறி பல்லுக்குப் பிடிகொடுக்கவில்லை. குவாரியில் கல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த ஆட்கள், தட்டிலும் மல்லுக்கட்டினார்கள். அடுத்த வாரம் இன்னும் பெரிய தீ வைத்தேன். இன்னும் மோசமானது. மெல்ல முடியாத துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார்கள். யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

கேம்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ் ஒரு மலையாளி. நல்ல மனிதர், ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். புகார் வந்திருக்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள், இப்படியே போனால் வேறு ஆள் பார்க்கச் சொல்வார்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். பிரஷர் குக்கர் வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். சேஃப்டி ஆபீசர் மெஸ்ஸில் குக்கரையே தடை செய்திருந்தார். முன்னால் எப்போதோ ஒரு குக்கரின் மூடி கூரைக்குப் போயிருக்கிறது. அதனால் அந்த வழியும் இல்லை.

அப்போதுதான் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவனுக்கு விபத்து நடந்தது. கல் உடைக்கும் பிரிவில் கன்வேயர் ஏணியில் இருந்து சறுக்கி, கீழே இருந்த இரும்புக் கைப்பிடியில் முகம் மோதி விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. தாடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். எலும்பு கூடும்வரை வாய் திறக்கக் கூடாது. வாந்தி வந்தால் கம்பியை வெட்டிவிட வேண்டுமென்று ஒரு சின்னக் கட்டரைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் போட்டிருந்தாள் நர்ஸ். தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று ரூம் ஆட்கள் கேலி செய்தார்கள். அவனால் சிரிக்கவும் முடியவில்லை.

கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பத் தயாராகத்தான் இருந்தது. அவன்தான் போகவில்லை. மனைவிக்கு அது நிறைமாதத்தை நோக்கிப் போகும் நேரம். இந்த முகத்தோடு வாசலில் போய் நின்றால் அவள் தாங்கமாட்டாள் என்றான். வீட்டுக்குப் போன் செய்யும்போது, பல்லைத் திறக்காமல் பேசுவதற்குக் காரணமாகக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தான்.

அவனுக்கு ஆகாரம் பால், மோர், ஜூஸ், கரைத்த குளுக்கோஸ். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடைவெளி வழியே ஸ்ட்ராவில் உறிஞ்சுவான். நாளாக நாளாகச் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் டூட்டிக்குப் போனபின் சமையலறைக்குப் பின்கதவுப் பக்கம் வந்து ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் குழம்பு தாளிக்கும்போது பல்லிடுக்கு வழியாகச் சொன்னான்.

"பாய், இனிப்பா குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. உப்பும் காரமுமா ஏதாச்சும் குடுங்க. கறித்தண்ணி இருந்தாக்கூடப் போதும்."

கேட்டதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. இவனுக்கு ஃப்ரீசரில் கிடக்கும் கழுத்துக்கறியையா கொடுப்பது என்று நினைத்தேன். மறுநாள் டவுனுக்குப் போய், புதிதாக அறுத்த இளங்குட்டியின் முதுகுக்கறியை எலும்பில்லாமல் வாங்கி வந்தேன். ஷார்ஜாவில் மாப்பிள்ளையின் தட்டுக்கென்று தனியாக எடுத்து வைக்கிற பாகம் அது. ஓவனில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதை இஞ்சி, மிளகு, சீரகம் போட்டு நன்றாக, மிக நன்றாக வேகவைத்தேன். நேரம் ஆக ஆக மெத்தென்று ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். மிக்ஸியில் அடித்து, வேகவைத்த தண்ணீரையே ஊற்றி டம்ளரில் கொடுத்தேன்.

இரண்டு வாய் உறிஞ்சினான். மூன்றாவதில் ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது. நூல் நூலாக ஏதோ கம்பியில் சிக்கி, தொண்டைக்குள் போய், இருமல் வந்துவிட்டது. பல்லைக் கட்டிய மனிதன் இருமுவதைப் பார்த்தால் தெரியும். கண் பிதுங்கி, கை கழுத்தில் இருக்கும் கட்டரைத் தேடியது. நான் அவன் முதுகைப் பிடித்து முன்னால் சாய்த்தேன். நல்லவேளை, இருமல் அடங்கியது. உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

தந்தூர் அடுப்பில் ரொட்டி போடும் பதான் ஒருவன், பட்டாணி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், அதுவரை மாவு உருட்டிக்கொண்டிருந்தான். பெஷாவர் பக்கத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். அவன் எழுந்து வந்து மிக்ஸி ஜாரில் மிச்சமிருந்ததை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். அவனுக்கு உருது, எனக்கு உடைந்த ஹிந்தி. அவன் சொன்னதன் சாரம் இது: இந்தக் கறியில் உருகுவதற்கு என்ன இருக்கிறது? ஆடு முதுகால் என்ன வேலை செய்கிறது? சும்மா சுமந்துகொண்டு போகிறது. அது மென்மையான கறிதான், கொஞ்ச நேரத் தீக்குத்தான் ஆகும். நீண்ட நேரம் போட்டால் உள்ளே இருக்கும் சாறெல்லாம் வெளியே போய், பஞ்சு நூல் மட்டும் மிஞ்சும்.

பிறகு ஃப்ரீசரைத் திறந்து ஒரு முன்னங்காலை எடுத்து வந்து மேஜையில் போட்டான். கத்தி முனையால் சதையைப் பிளந்து காட்டினான். உள்ளே வெள்ளி நிறத்தில் சவ்வும் நரம்பும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

"பாய், இதைத்தான் நீ எதிரியாப் பாக்குற. இதுதான் உருகும். ஆனா அடிச்சா உருகாது. கெஞ்சணும்."

அவன் உருதுவில் சொன்ன அந்தக் கடைசிச் சொல்லை என்னால் தமிழில் வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை டீ முடிந்த கையோடு கழுத்தையும் கால்களையும் எலும்போடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினோம். நுரை பொங்கி வந்ததை எடுத்தோம். அதன் பிறகு அவன் தீயைக் குறைத்தான். எனக்குக் கோபமே வந்தது, இந்தத் தீயில் என்ன வேகும் என்று. பானையின் ஒரு மூலையில் எப்போதாவது ஒரு குமிழி எழும், உடையும். அவ்வளவுதான். முற்பகலில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். பச்சையாக இருந்ததைவிடக் கெட்டியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கறியை இறக்கியது இந்தக் கட்டத்தில்தான். வெந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் அது அப்போதுதான் இறுகியிருந்தது. பட்டாணி என்னைப் பார்த்து இன்னும் இரு என்று கையைக் காட்டினான்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். கரண்டியால் தொட்டதும் சதை எலும்பை விட்டு இறங்கியது. நரம்பு இருந்த இடத்தில் பளபளவென்று ஏதோ கசிந்திருந்தது. விரல் நுனிகளால் தொட்டுப் பார்த்தால் பிசின் மாதிரி ஒட்டியது. துணியில் வடிகட்டி, மேலே மிதந்த கொழுப்பை எடுத்துவிட்டு, சதையை அந்தத் தண்ணீரிலேயே மிக்ஸியில் அடித்தேன். பயத்தில் மறுபடியும் ஒரு முறை சல்லடையில் தேய்த்து இறக்கினேன். நூலே இல்லை. ஈறு புண்ணாக இருப்பதால் மிளகாயை விட்டுவிட்டு மிளகும் சீரகமும் மட்டும் சேர்த்திருந்தேன்.

புதுக்கோட்டைக்காரன் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சினான். நான் அவன் பக்கத்திலேயே நின்றேன், ஒரு கை அவன் முதுகின் மேல். டம்ளர் காலியாகும்வரை அவன் நிறுத்தவில்லை. முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகுக் காரம் என்றான்.

அன்று மிஞ்சிய சாற்றை ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் ஜெல்லியாக உறைந்து நின்றது. அதற்கும் முந்தின நாள் முதுகுக்கறி வேகவைத்ததில் மிஞ்சிய தண்ணீரும் அதே ஃபிரிட்ஜில் இருந்தது. அது தண்ணீராகவே இருந்தது. இரண்டு பாத்திரத்தையும் பட்டாணியிடம் காட்டினேன். அவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ரொட்டிக்கு மாவு கேட்டான்.

இதற்குள் வெள்ளிக்கிழமை நெருங்கியது. புதுக்கோட்டைக்காரனுக்காக ஏற்றியது போலவே கேம்ப் முழுமைக்கும் ஏற்ற முடியுமா என்று கேம்ப் பாஸிடம் கேட்டேன். காலையிலேயே அடுப்பு பிடித்தாக வேண்டும், கேஸ் கொஞ்சம் கூடுதலாகப் போகும், வெள்ளிக்கிழமை கூட்டு, பொரியலைக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்தச் சரியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வேறு ஆள் பார்ப்பது அவருக்கு அதைவிட லேசான வேலை.

வெங்காயமும் தக்காளியும் மல்லியும் சேர்ந்த குழம்பில், மெல்லிய தீயில், கழுத்தும் காலும் மதியம்வரை கிடந்தன. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்களும் ரூமில் தூங்கி எழுந்து வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். நான் கரண்டியோடு நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான பேச்சு குறைந்தது. பிறகு ஒருவன் தட்டோடு திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அன்று தட்டுகளின் ஓரத்தில் எலும்பு மட்டும்தான் ஒதுங்கியிருந்தது. என் வேலை நிலைத்தது ஒரு தாடை உடைந்தவன் கறித்தண்ணி கேட்டதால்தான். அவனுக்காக அந்தப் பானையை ஏற்றியிராவிட்டால், இன்னும் பெரிய தீயைத் தேடிக்கொண்டே நான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன்.

அவனுக்குக் கம்பி எடுத்த நாள் வந்தது. வாய் திறந்தது, ஆனால் விரல் நுழையும் அளவுக்குத்தான். மெத்தென்ற ஆகாரமாகக் கொடுங்கள், அழுத்தி மெல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வந்ததும் முதலில் சொன்னது இதுதான்.

"இனிமே குடிக்க மாட்டேன் பாய். திங்கணும். கறியக் கறியாப் பாக்கணும்."

குழம்பில் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் குழம்பில் கறியின் ருசி பாதி தண்ணீருக்குப் போய்விடும். அது சோற்றுக்கு நல்லது, துண்டுக்கு அல்ல. இவனுக்கு ருசி துண்டில் நிற்க வேண்டும், துண்டு நாக்கால் அழுத்தினாலே உடையவும் வேண்டும். பட்டாணியும் நானும் பேசி, தம் போடலாம் என்று முடிவு செய்தோம். முன்னங்கால்களைத் துடைத்து ஈரமில்லாமல் ஆக்கி, சூடான எண்ணெயில் எல்லாப் பக்கமும் செந்நிறமாகும்வரை பிரட்டினேன். ஷார்ஜா ஓவன் பழக்கம் அங்கே கைகொடுத்தது. எந்த நிறத்தில் வாசனை ஏறும், எந்த நிறத்தில் கசப்பு ஏறும் என்று எனக்குத் தெரியும். அதே சட்டியில் வெங்காயத்தை வதக்கி, கறியின் கால்வாசி உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டோம். பட்டாணி ரொட்டி மாவைக் கயிறு போலத் திரித்து மூடியின் விளிம்பில் ஒட்டி அடைத்தான். ஆவி வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி விழ வேண்டும். மெல்லிய தீ. இந்த முறை நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை, எனக்குப் பொறுக்கப் பழகியிருந்தது.

மாவை உடைத்துத் திறந்தபோது அடியில் கரண்டி அளவு கெட்டியான சாறுதான் இருந்தது. எலும்பைப் பிடித்து இழுத்தேன், சுத்தமாக என் கையோடு வந்துவிட்டது. அவன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினான். தாடை அசையவே இல்லை. விழுங்கினான். இன்னொரு துண்டு எடுத்தான். ரொட்டியைச் சாற்றில் ஊறவைத்து வைத்தான். பட்டாணி அவன் எதிரில் உட்கார்ந்து, தன் பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆலையின் முதலாளி வீட்டில் இருந்து கேம்புக்கு ஆடுகள் அறுத்து அனுப்பினார்கள். நீண்ட நாள் கழித்து என் பழைய வேலை. ஆனால் எல்லாவற்றையும் ஓவனில் தள்ளிவிடவில்லை. எது இளசு, எது முற்றியது என்று தெரிய, முன்னங்கால் பாதம் கழற்றிய மூட்டைப் பார்த்தேன். இளங்குட்டியில் அந்த இடம் சிவப்பாக, ரம்பப் பல் போலச் சொரசொரப்பாக உடைந்திருக்கும். முற்றியதில் மூட்டு வெள்ளையாக, வழுவழுவென்று உருண்டையாக இருக்கும். ஒன்று மட்டும் முற்றியது. அதைத் தனியே எடுத்துப் பானைக்குப் போட்டேன். இளங்குட்டிகளின் கழுத்தும் காலும்கூடப் பானைக்கே போயின. தொடையும் முதுகும் ஓவனுக்கு. முதலில் நல்ல சூடு, நிறம் பிடித்தபின் குறைந்த சூடு. வெளியே எடுத்து ஃபாயிலால் மூடி வைத்தேன். எல்லோரும் இப்போதே வெட்டு என்றார்கள். இப்போது வெட்டினால் சாறு தட்டில் ஓடும், கொஞ்சம் பொறுத்தால் கறிக்குள்ளேயே நிற்கும் என்று சொல்லி நிறுத்தி வைத்தேன்.

முதுகுக்கறியை நாருக்குக் குறுக்காக, காகிதம் போல மெல்லியதாக அரிந்து புதுக்கோட்டைக்காரன் தட்டில் வைத்தேன். அன்று அவனுக்கு வாய் ஓரளவு திறந்தது. முதல் முறையாகக் கடைவாயில் வைத்து மென்றான். மெதுவாக, பயந்து பயந்து. ரூம் ஆட்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் தாடையைப் பார்த்தார்கள். அவன் மென்று முடித்து, வலிக்கவில்லை என்று தலையாட்டினான். யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். அந்த மதியம் கேம்பில் இந்துவும் முஸ்லிமும் ஒரே தட்டில்தான் கை வைத்தார்கள், எனக்கு அதைவிட நல்ல பெருநாள் அமைந்ததாக நினைவில்லை.

அடுத்த மாதம் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவன் லீவில் ஊருக்குப் போய் முகத்தைக் காட்டியபோதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தாடையோரத்து வடுவைப் பார்த்து அழுதிருக்கிறாள், அப்புறம் திட்டியிருக்கிறாள். ஒரு மாலை எனக்குப் போன் வந்தது. அவன் பேசிவிட்டு, இவ ஏதோ கேக்கணுமாம் என்று கொடுத்தான். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இவுக சந்தையிலேருந்து முன்னங்கால் வாங்கிட்டு வந்து, பாய் செஞ்ச மாதிரி செய்யின்னு உசுர வாங்குறாக. குக்கர்ல எத்தன விசில் விடணும்?"

குக்கரைத் தடை செய்த சமையலறையில் இருந்துகொண்டு நான் எப்படிச் சொல்வது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வை, தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்று, விசில் வந்ததும் தீயைக் கடைசிக்குக் குறைத்து நீ நினைப்பதைவிட அதிக நேரம் விட்டுவிடு, ஆவி தானாக அடங்கியபின் திற என்று சொன்னேன். கெட்டியாக இருந்தால் பயப்படாதே, இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், மறுபடி மூடிவிடு என்றேன். அவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டாள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பசிக்குது போல, வச்சிரட்டுமாண்ணே என்றாள். நான் பிள்ளையைப் பாரும்மா என்றேன்.